கையெழுத்துக்கும் தீர்ப்புக்கும் நடுவே

(திருத்துறைப்பூண்டியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

மனமொத்த மணமுறிவு பற்றிப் பேச அழைத்தார்கள். கோர்ட் மொழியில் பரஸ்பர சம்மத விவாகரத்து. கணவன் மனைவி இருவரும் சேர்ந்து ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டு, "எங்களுக்குள் ஒத்துவரவில்லை, பிரித்து விடுங்கள்" என்று கேட்பது. எளிமையான வழக்கு என்று பேர் எடுத்தது. சண்டை இல்லை, குறுக்கு விசாரணை இல்லை, யார் மேல் தப்பு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் என் மேசைக்கு வரும் குடும்ப வழக்குகளில் மிகவும் சிக்கலானவை, எங்கோ ஒரு சம்மத விவாகரத்து பாதியில் அறுந்து போனதால் பிறந்தவைதான். அது எங்கே அறுகிறது என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் ஒரு வழக்கத்தைச் சொல்லி ஒதுக்கி விடுகிறேன். நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி, முத்திரைத்தாள் வாங்கி, "இன்று முதல் இருவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, அவரவர் விருப்பப்படி மறுமணம் செய்துகொள்ளலாம்" என்று எழுதி, நான்கு சாட்சிக் கையெழுத்து வாங்கி, நோட்டரியிடம் முத்திரையும் குத்தி வைத்துக்கொள்கிறார்கள். அந்தத் தாள் விவாகரத்து ஆகாது. நோட்டரிக்குத் திருமணத்தைக் கலைக்கும் அதிகாரம் கிடையாது. இந்து திருமணச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு வழக்காற்று மணமுறிவைக் காப்பாற்றுகிறதே என்று கேட்பீர்கள். காப்பாற்றுகிறது, ஆனால் அப்படி ஒரு வழக்கம் தன் சமூகத்தில் நெடுங்காலமாக இடைவிடாமல் இருக்கிறது என்று சொல்லுகிறவர்தான் அதைக் கோர்ட்டில் மெய்ப்பிக்க வேண்டும். 2002-இல் யமனாஜி ஜாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பத்திரம் எழுதிய அன்று எல்லோரும் நிம்மதியாகத்தான் வீட்டுக்குப் போவார்கள். பத்து வருடம் கழித்து கணவர் இறந்து, குடும்ப ஓய்வூதியத்துக்கோ வாரிசுச் சான்றுக்கோ இரண்டு பெண்கள் தாலுகா அலுவலகத்தில் நிற்கும்போது, அந்தத் தாளை யாரும் மதிப்பதில்லை. முதல் மனைவிதான் சட்டப்படி மனைவி. இரண்டாவதாக வந்தவருக்கு மனைவி என்ற நிலையே கிடைக்காது.

ஆகவே கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். எந்தக் கோர்ட்? குடும்ப நல நீதிமன்றம் இருக்கும் இடத்தில் அங்கே, இல்லாத இடத்தில் சப் கோர்ட் எனப்படும் சார்பு நீதிமன்றத்தில். முன்சீப் கோர்ட்டில் இந்த மனுவைப் போட முடியாது. கல்யாணம் நடந்த ஊர், இருவரும் கடைசியாகச் சேர்ந்து குடியிருந்த ஊர், மனைவி இப்போது இருக்கும் ஊர், இவற்றில் ஒன்று அந்தக் கோர்ட்டின் எல்லைக்குள் வந்தால் போதும்.

இந்தப் பேச்சு முழுக்க ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். நானே கட்டிக்கொண்ட உதாரணம். பெண் வீடு திருத்துறைப்பூண்டிப் பக்கம், பையன் வீடு பட்டுக்கோட்டைப் பக்கம். 2020 பிப்ரவரியில் இங்கே பெண் ஊரில் கல்யாணம். அடுத்த வருடம் ஒரு பெண் குழந்தை. 2023 ஜூன் 15 அன்று மனைவி குழந்தையோடு தாய் வீட்டுக்கு வந்தவர், திரும்பிப் போகவில்லை. அந்த வருடமே இங்குள்ள அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார், வரதட்சணைக் கொடுமை என்று 498ஏ-இல் வழக்குப் பதிவானது. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஜீவனாம்ச மனுவும் நிலுவையில் இருக்கிறது. கல்யாணத்தில் போட்ட நகை 32 பவுன். அதில் 14 பவுன், பையன் பேரில், அவர் ஊர் கூட்டுறவு சங்கத்தில் நகைக்கடனாக அடகில் கிடக்கிறது. இருவர் பேரிலும் வாங்கிய ஒரு மனையும் உண்டு. இப்போது இரண்டு பக்கமும், "போதும், பேசி முடித்துக்கொள்ளலாம்" என்ற இடத்துக்கு வந்துவிட்டார்கள்.

1955-இல் இந்து திருமணச் சட்டம் வந்தபோது இப்படிச் சேர்ந்து கேட்கும் வழி அதில் கிடையாது. 1976-இல் கொண்டுவந்த திருத்தத்தில்தான் 13பி என்ற பிரிவு சேர்ந்தது. அது கேட்பது மூன்று. ஓராண்டோ அதற்கு மேலோ இருவரும் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். சேர்ந்து வாழ முடியாத நிலை இருக்க வேண்டும். திருமணத்தைக் கலைத்துவிடலாம் என்று இருவரும் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

இதில் பிரிந்து வாழ்வது என்பதைத்தான் நம் மக்கள் பெரும்பாலும் தப்பாகக் கணக்கிடுகிறார்கள். 1991-இல் சுரேஷ்டா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. கணவன் மனைவியாக வாழாமல் இருப்பதுதான் பிரிந்து வாழ்வது, எந்தக் கூரையின் கீழ் என்பது முக்கியமில்லை என்றது. ஒரே வீட்டில் தனித்தனி அறையில், தனித்தனி அடுப்பில் இருந்தாலும் பிரிந்தவர்கள் ஆகலாம். இதைத் திருப்பிப் பார்த்தால் நம் ஊருக்கு இன்னும் பொருந்தும். கணவர் சிங்கப்பூரிலோ துபாயிலோ மூன்று வருடமாக வேலை பார்க்கிறார், மாதா மாதம் பணம் அனுப்புகிறார், இரவில் மனைவியோடு போனில் பேசுகிறார் என்றால் அது பிரிந்து வாழ்வது ஆகாது. பிழைப்புக்காகத் தூரத்தில் இருப்பது வேறு. உறவு அறுந்த நாளிலிருந்துதான் அந்த ஓராண்டை எண்ண வேண்டும்.

அந்த நாளை மனுவில் எழுதும்போது வேறு கவனமும் வேண்டும். நம் உதாரணப் பெண்ணின் போலீஸ் புகாரில், ஜீவனாம்ச மனுவில், "இந்தத் தேதி வரை கணவர் வீட்டில் இருந்தேன்" என்று ஏற்கெனவே ஏதாவது எழுதியிருப்பார்கள். சம்மத மனுவில் உள்ள தேதி அதோடு ஒத்துப்போக வேண்டும். சீக்கிரம் முடியட்டும் என்று யாரோ ஒருவர் சொல்ல, பிரிந்த தேதியை ஆறு மாதம் முன்னுக்குத் தள்ளி எழுதிய மனுக்களைப் பார்த்திருக்கிறேன். நீதிபதி பழைய காகிதத்தைக் கேட்ட நிமிடத்தில் மாட்டிக்கொள்வார்கள், அதுவும் இருவரும் சத்தியம் செய்து சொன்ன பிறகு.

அடுத்தது காத்திருப்பு. மனு கொடுத்த நாளிலிருந்து ஆறு மாதம் கழிந்த பிறகு, பதினெட்டு மாதத்துக்குள், இருவரும் திரும்ப வந்து கேட்க வேண்டும், இடையில் மனுவை வாபஸ் வாங்கியிருக்கக் கூடாது என்று 13பி(2) சொல்கிறது. வடக்கே முதல் மோஷன், இரண்டாம் மோஷன் என்று இரண்டு கட்டமாகப் பிரித்து நடத்துவார்கள். நம் பக்கம் பெரும்பாலும் கூட்டு மனு எண்ணாகி, ஆறு மாதம் தள்ளி வாய்தா விழும். அன்று இருவரும் பிரமாண வாக்குமூலம் தாக்கல் செய்து கூண்டேறி, யாரும் மிரட்டவில்லை, மனமறிந்துதான் கேட்கிறோம் என்று சொல்வார்கள். நம் உதாரணத்தில் 2025 பிப்ரவரி 10 அன்று மனு கொடுத்தார்கள் என்றால், ஆகஸ்ட் 10-க்குப் பிறகுதான் கோர்ட் அதைத் தீர்ப்புக்கு எடுக்கும். 2026 ஆகஸ்ட் 10 வரை நேரம் உண்டு.

இந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாமா என்பது நெடுநாள் சண்டையாக இருந்தது. 2017 செப்டம்பர் 12 அன்று அமர்தீப் சிங் வழக்கில் நீதிபதிகள் ஏ.கே. கோயல், யு.யு. லலித் இருவரும் அதற்கு முடிவு கட்டினார்கள். அந்த வழக்கில் கணவன் மனைவி பிரிந்து எட்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. 2017 ஏப்ரல் 28 அன்று ஒப்பந்தம் போட்டு, மே 8 அன்று டெல்லி குடும்ப நல நீதிமன்றத்தில் மனு கொடுத்தார்கள். 2 கோடியே 75 லட்சம் ரூபாய் நிரந்தர ஜீவனாம்சம் என்று முடிவாகி, அதில் ஒரு பகுதிக்குக் காசோலையும் கொடுத்தாகிவிட்டது. பிள்ளைகள் யாரிடம் என்பதும் தீர்ந்துவிட்டது. இனியும் ஆறு மாதம் எதற்கு என்று கேட்டார்கள். உச்ச நீதிமன்றம் சொன்னது: இந்த ஆறு மாதம் கட்டாய விதியல்ல, விசாரிக்கும் நீதிமன்றமே விலக்கு அளிக்கலாம். ஆனால் நான்கு விஷயம் பார்க்க வேண்டும். மனு கொடுப்பதற்கு முன்பே, ஓராண்டோடு இந்த ஆறு மாதத்தையும் சேர்த்து, பதினெட்டு மாதம் பிரிந்திருக்க வேண்டும். சமரச முயற்சி எல்லாம் தோற்றிருக்க வேண்டும். ஜீவனாம்சம், குழந்தை, நிலுவை வழக்குகள் எல்லாவற்றையும் இருவரும் உண்மையாகவே தீர்த்துக்கொண்டிருக்க வேண்டும். காத்திருப்பது வேதனையை நீட்டுவதைத் தவிர வேறு எதுவும் செய்யாது என்று தெரிய வேண்டும். விலக்கு மனுவை முதல் மனு கொடுத்த ஒரு வாரத்துக்குப் பிறகு போடலாம். வெளிநாட்டில் இருப்பவர் காணொலியில் வரலாம், தக்க காரணம் இருந்தால் பெற்றோர், உடன்பிறந்தோர் போன்ற நெருங்கிய உறவினரும் அவருக்காக நிற்கலாம் என்றும் சொன்னது.

2021-இல் அமித் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த நிபந்தனைகளை இறுக்கிப் பிடிக்க வேண்டாம், வழக்கின் சூழலைப் பாருங்கள் என்று இன்னும் தளர்த்தியது. 2023 மே 1 அன்று ஷில்பா சைலேஷ் வழக்கில் அரசமைப்பு அமர்வு, அரசமைப்புச் சட்டத்தின் 142-ஆம் பிரிவின் கீழ்த் தானே நேரடியாகத் திருமணத்தைக் கலைக்கவும் முடியும் என்றது. ஆனால் அந்த அதிகாரம் டெல்லியில் இருக்கும் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும். மன்னார்குடியிலோ பட்டுக்கோட்டையிலோ உள்ள நீதிபதியிடம் 142 என்று கேட்டால் அவர் சிரிப்பார்.

நம் உதாரணத் தம்பதி மனு கொடுத்த நாளில் பிரிந்து பத்தொன்பது மாதம் தாண்டியிருந்தது. விலக்குக் கேட்கத் தகுதி உண்டு. கேட்கலாமா என்றால், கேட்டால் கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன், அது நீதிபதியின் கையில். அதோடு, எல்லாம் தீர்ந்துவிட்டது என்பதுதான் விலக்கு மனுவின் உயிர். ஒப்பந்தத்தில் பணம் எப்போது, நகை எங்கே, குழந்தை யாரிடம் என்பதெல்லாம் பேசப்படாமல் இருந்தால், பதினெட்டு மாதம் நிறைந்தும் பயனில்லை. காத்திருப்பும் ஒப்பந்தமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன.

இப்போது நான் முன்பே சொன்ன அறுந்து போகும் இடத்துக்கு வருகிறேன். அதே சுரேஷ்டா தேவி தீர்ப்புதான். சம்மதம் மனு கொடுக்கும் அன்று மட்டும் இருந்தால் போதாது, தீர்ப்பு வரும் வரை இருக்க வேண்டும். இடையில் எந்த நாளும், யாராவது ஒருவர் தனியாகவே, சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். 2009-இல் ஸ்மிருதி பஹாரியா வழக்கில், ஒருவர் வரவில்லை என்பதற்காக அவர் சம்மதம் தொடர்கிறது என்று கோர்ட் ஊகித்துக்கொள்ளக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். இது நியாயமான விதி, நான் குறை சொல்லவில்லை. இரண்டு வீட்டாரின் நெருக்கத்தில் கையெழுத்துப் போட்ட பெண்ணுக்கு இதுதான் கடைசிக் கதவு. ஆனால் இதன் விளைவு என்ன? கையெழுத்துக்கும் தீர்ப்புக்கும் நடுவே உள்ள ஆறு மாதத்தில் பணம் கைமாறுகிறது, நகை கைமாறுகிறது, போலீஸ் வழக்கு ஒன்று முடிகிறது. இதில் ஒருவர் தன் பங்கை வாங்கிக்கொண்டு மனம் மாறினால், மற்றவர் கையில் என்ன மிச்சம்? அவரைக் கோர்ட் கட்டாயப்படுத்திச் சம்மதிக்க வைக்க முடியாது. ஆகவே சம்மத விவாகரத்து ஒப்பந்தத்தின் மையம் எவ்வளவு என்பது அல்ல. எது முதலில், எது பின்னால் என்பதுதான்.

நம் உதாரணத்தில் மனைவிக்கு மொத்தத் தொகை 12 லட்சம் என்று பேசி முடித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். முழுவதையும் மனு அன்றே கொடுத்தால் கணவர் வீட்டார் பயப்படுவார்கள். முழுவதையும் தீர்ப்புக்குப் பிறகு என்றால் பெண் வீட்டார் பயப்படுவார்கள், அவர்கள் பயம்தான் அதிக நியாயமானது. நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன். மனு கொடுக்கும் அன்று 4 லட்சம். இருவரும் கூண்டேறிச் சாட்சி சொல்லும் அன்று, மனைவி சாட்சி சொல்வதற்கு முன், 5 லட்சம். மீதி 3 லட்சம், போலீஸ் வழக்கு ரத்தாகும் அன்று. எல்லாம் அவர் பேரில் எடுத்த வங்கி வரைவோலை, எண்ணும் தேதியும் ஒப்பந்தத்திலோ கோர்ட்டில் கொடுக்கும் மெமோவிலோ ஏற வேண்டும். ரொக்கம் வேண்டவே வேண்டாம். ரொக்கமாகக் கொடுத்தேன், வாங்கவில்லை என்ற வழக்கு முடிவதே இல்லை.

இங்கே நம் டெல்டாவுக்கே உரிய ஒரு வாசகத்தைப் பற்றி எச்சரிக்கிறேன். "சம்பா அறுவடை முடிந்ததும் மீதித் தொகை தருவதாக ஒப்புக்கொள்கிறார்." நல்ல எண்ணத்தில்தான் எழுதுவார்கள், நிலத்துக்காரர் கையில் அப்போதுதான் பணம் புரளும். ஆனால் மேட்டூரில் தண்ணீர் தாமதமாகத் திறந்தால் அறுவடை எப்போது? மழையில் பயிர் சாய்ந்தால்? கொள்முதல் நிலையத்தில் நெல் வாரக்கணக்கில் கிடந்தால்? இந்த வாசகத்தை வைத்து நிறைவேற்று மனு போட்டால், கெடு எந்த நாள் என்பதிலேயே ஒரு வருடம் போய்விடும். அறுவடையை மனதில் வைத்துத் தேதியைத் தள்ளிப் போடுங்கள், தப்பில்லை. ஆனால் எழுதும்போது மார்ச் 31 என்று எழுதுங்கள், தவறினால் எத்தனை சதவீத வட்டி என்றும் எழுதுங்கள்.

நகை. சீதனமாகப் பெண்ணுக்குப் போட்டது அவருடைய சொந்தச் சொத்து. 1985-இல் பிரதிபா ராணி வழக்கிலிருந்தே அது தெளிவு, கணவர் வீடு அதை வைத்திருந்தாலும் அவருக்காக வைத்திருப்பதுதான். ஆகவே நகையைச் செட்டில்மென்ட் தொகையில் சேர்த்துப் பேசவே கூடாது. 32 பவுனில் எது யாரிடம் என்று உருப்படி வாரியாக எழுதுங்கள். தாலிக்கொடி இத்தனை கிராம், ஆரம், வளையல் ஜோடி, ஒவ்வொன்றும். அடகில் உள்ள 14 பவுனுக்குக் கடன் எண்ணோடு எழுத வேண்டும். கடனைக் கட்டி மீட்க வேண்டியவர் கணவர், மனு கொடுக்கும் அன்றே மீட்ட நகையை எடை போட்டு ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். பிறகு மீட்டுத் தருவேன் என்றால், கடன் தவணை தப்பி ஏலத்துக்குப் போனது அந்தப் பெண்ணுக்குத் தெரியாமலே நடந்துவிடும். நோட்டீஸ் கடன்காரர் முகவரிக்குத்தான் போகும்.

மனை. இருவர் பேரில் உள்ளதைப் பெண் பேருக்கே விட்டுவிடலாம் என்று ஒப்புக்கொள்வார்கள், ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதுவார்கள், விவாகரத்துத் தீர்ப்பிலும் அது ஏறிவிடும். போதும் என்று நினைப்பார்கள். போதாது. விவாகரத்து மனு மனையைப் பற்றிய வழக்கல்ல. வழக்குக்கு வெளியே உள்ள அசையாச் சொத்து சமரசத் தீர்ப்பில் வந்தால், பதிவுச் சட்டம் 17-ஆம் பிரிவுப்படி அதைப் பதிய வேண்டும். அதைவிட நல்ல வழி, தீர்ப்புக்கு முன்பே கணவர் தன் பாகத்துக்கு விடுதலைப் பத்திரமோ செட்டில்மென்ட் பத்திரமோ எழுதிச் சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுவது. அப்போது அவர்கள் இன்னும் கணவன் மனைவி. தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினருக்குள் எழுதும் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையில் உச்சவரம்போடு சலுகை உண்டு. தீர்ப்பு வந்த மறுநாள் அவர்கள் சட்டத்தின் கண்ணில் அன்னியர், தீர்வை பல மடங்கு. மனம் மாறினால் என்ன என்று கணவர் பக்கம் பயந்தால், மனு அன்றல்ல, சாட்சி சொல்லும் நாளுக்கு முந்தைய வாரம் பதியுங்கள்.

போலீஸ் வழக்குதான் மிகவும் நுணுக்கமான முடிச்சு. 498ஏ-ஐ மனைவி விரும்பினாலும் கீழ்க் கோர்ட்டில் சமரசம் செய்து முடிக்க முடியாது. 2003-இல் பி.எஸ். ஜோஷி வழக்கில் உச்ச நீதிமன்றம், கணவன் மனைவி சமரசமாகிவிட்டால் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்யலாம் என்றது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 482-ஆம் பிரிவு, இப்போது புதிய சட்டத்தில் 528. எந்த உயர் நீதிமன்றம் என்பதில் நம் ஊர்க்காரர்கள் தடுமாறுவார்கள். வழக்குப் பதிவானது திருவாரூர் மாவட்டத்தில் என்றால் சென்னைக்குப் போக வேண்டும். பட்டுக்கோட்டையில் பதிவாகியிருந்தால் அது தஞ்சாவூர் மாவட்டம், மதுரைக் கிளை. பக்கத்துப் பக்கத்து மாவட்டம்தான், ஆனால் கோர்ட் மாறிவிடுகிறது.

இதில் வரிசை எப்படி? ரத்து மனுவுக்கு மனைவியின் பிரமாண வாக்குமூலம் வேண்டும், பெரும்பாலும் அவர் நேரில் வந்து, காவல் அதிகாரி அடையாளம் காட்ட, எனக்கு ஆட்சேபம் இல்லை என்று சொல்ல வேண்டும். இதை விவாகரத்துக்கு முன்பே முடித்துக் கொடுத்துவிட்டால், அவர் கையில் இருந்த ஒரே பிடி போய்விடும், கணவர் மறுநாளே சம்மதத்தை வாபஸ் வாங்கலாம். தீர்ப்புக்குப் பிறகு என்றால், மனைவி சென்னைக்கு வர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டால் கணவரும் அவருடைய வயதான தாய் தகப்பனும் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டும். அதனால்தான் அந்த 3 லட்சத்தைக் கடைசிக்கு வைத்தேன். சாட்சி சொல்லும் அன்றே மனைவி வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுகிறார். அதே அன்று 3 லட்சத்துக்கான வரைவோலையைக் கணவர் கோர்ட்டில் கட்டுகிறார், அல்லது இரு தரப்பும் ஒப்புக்கொண்ட வக்கீலிடம் ஒப்படைக்கிறார். ரத்து உத்தரவு வந்ததும் அது மனைவிக்குப் போகிறது. வரைவோலைக்கு மூன்று மாதம்தான் ஆயுள் என்பதையும் மறக்காதீர்கள், ரத்து உத்தரவு தாமதமானால் புதுப்பித்துத் தர வேண்டியவர் யார் என்று ஒப்பந்தத்தில் இருக்கட்டும். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் உள்ள ஜீவனாம்ச மனு, கணவர் எங்காவது போட்டிருக்கும் சேர்ந்து வாழும் மனு, எல்லாவற்றையும் வழக்கு எண்ணோடு பட்டியலிட்டு, எது எந்த நாளில் வாபஸ் என்று எழுத வேண்டும். மற்ற எல்லா வழக்குகளும் என்று பொதுவாக எழுதுவது பின்னால் தகராறுக்கு விதை.

நடுவழியில் ஒருவர் மனம் மாறினால் என்ன ஆகும் என்றும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கெட்ட சகுனம் என்று பெரியவர்கள் தடுப்பார்கள், கேட்காதீர்கள். நகை எந்த நிலையிலும் திரும்பாது, அது அவருடையது. கணவர் பின்வாங்கினால், கொடுத்த 4 லட்சம் இடைக்கால ஜீவனாம்சத்தில் கழியும். மனைவி பின்வாங்கினால் 4 லட்சத்தைத் திருப்ப வேண்டும், எத்தனை நாளுக்குள் என்பதோடு.

ஜீவனாம்சத்தில் ஒரு விஷயம். இனி எந்தக் காலத்திலும் ஜீவனாம்சம் கேட்க மாட்டேன் என்ற வரி எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும். சம்மதத்தின் பேரில் விவாகரத்து வாங்கியதால் மட்டும் ஒரு பெண் ஜீவனாம்ச உரிமையை இழந்துவிட மாட்டார் என்று 1995-இல் வனமாலா வழக்கில் சொல்லியிருக்கிறார்கள். 2013-இல் நாகேந்திரப்பா நாட்டிகர் வழக்கில், வெறும் 8,000 ரூபாய் வாங்கிக்கொண்டு இனி கேட்க மாட்டேன் என்று எழுதிக்கொடுத்த மனைவி பிறகு வழக்குப் போட்டபோது, அந்த வரி அவரைத் தடுக்காது என்றது உச்ச நீதிமன்றம். அங்கே திருமணம் கலைந்திருக்கவில்லை என்பது உண்மை. ஆனாலும் கணவர் தரப்புக்கு நான் சொல்வது இதுதான். அந்த வரியை நம்பாதீர்கள். நியாயமான தொகையைக் கணக்கோடு கொடுத்திருந்தால்தான் அந்த வரிக்குப் பலம். இருவரும் தங்கள் வருமானம், சொத்து, கடன் விவரத்தைப் பிரமாண வாக்குமூலமாக ஒப்பந்தத்தோடு இணைப்பது நல்லது. 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் ஜீவனாம்ச வழக்குகளுக்காகவே உச்ச நீதிமன்றம் அதற்கு ஒரு படிவம் வகுத்திருக்கிறது. மறைத்த சொத்து பின்னால் தெரிய வந்தால், மோசடியால் வாங்கிய சம்மதம் என்று அந்தத் தீர்ப்பையே கேள்வி கேட்க வழி பிறக்கும்.

குழந்தை விஷயத்தில் அப்பாவும் அம்மாவும் சேர்ந்தாலும் எழுத முடியாதது ஒன்று உண்டு. குழந்தைக்கு இனி தகப்பன் சொத்தில் எந்த உரிமையும் இல்லை, பராமரிப்பும் கேட்கக் கூடாது என்று எழுதிய ஒப்பந்தங்கள் இன்றும் வருகின்றன. அது செல்லாத வரி. அந்த உரிமை குழந்தையுடையது, தாய் விட்டுக்கொடுக்க முடியாது. தமிழ்நாட்டில் 1989-லேயே பெண் பிள்ளைக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு வந்துவிட்டது. அப்பாவின் பூர்வீக நஞ்சையில் இந்தக் குழந்தைக்கு உள்ள பங்கு அப்பா அம்மா பிரிந்ததால் ஓர் அங்குலம்கூடக் குறையாது.

எழுத வேண்டியவை வேறு. குழந்தை அம்மாவிடம், அப்பா பார்ப்பது எப்போது. அவ்வப்போது பார்க்கலாம் என்பது சண்டைக்கு அழைப்பிதழ். இரண்டாம், நான்காம் ஞாயிறு, காலை பத்து முதல் மாலை ஐந்து, எந்த இடத்தில், கொண்டுவந்து விடுவது யார், பொங்கல் யாரிடம், கோடை விடுமுறையில் எத்தனை நாள் என்று எழுதுங்கள். அப்பா வளைகுடாவுக்குப் போய்விட்டால் வீடியோவில் எந்த நேரம் என்றும் எழுதுங்கள். மாதம் எவ்வளவு, அது வருடா வருடம் எத்தனை சதவீதம் ஏறும், பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் அதற்குள்ளா வெளியேயா. ஐந்து வயதில் எழுதிய 6,000 ரூபாய் பதினைந்து வயதில் எதற்கும் காணாது. பாஸ்போர்ட்டுக்கும் பள்ளி மாற்றத்துக்கும் அம்மா மட்டும் கையெழுத்துப் போடலாம் என்று அப்பா சம்மதிக்கும் ஒரு வரி இருந்தால், பின்னால் ஒரு தனி மனு மிச்சம்.

முத்துப்பேட்டையிலிருந்து வந்திருப்பவர்கள் இதெல்லாம் எங்களுக்கு உண்டா என்று கேட்பார்கள். இஸ்லாமியத் தனிச் சட்டத்தில் முபாரத் என்ற வழியில் இருவரும் ஒப்புக்கொண்டு பிரியலாம், ஆறு மாதக் காத்திருப்பு அதற்கில்லை. கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தில் 2001-இல் சேர்த்த 10ஏ பிரிவு, இரண்டு ஆண்டு பிரிந்து வாழ வேண்டும் என்கிறது. கேரள உயர் நீதிமன்றம் 2010-இல் அதை ஓராண்டாகப் படித்தது. பதிவுத் திருமணமாக, சிறப்புத் திருமணச் சட்டத்தில் முடித்தவர்களுக்கு ஓராண்டும் ஆறு மாதமும் இந்துக்களுக்குப் போலத்தான். சுயமரியாதைத் திருமணம் இந்து திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவுக்குள் வருவதால் அதற்கும் 13பிதான். பணம், நகை, குழந்தை பற்றிய ஒப்பந்தத்துக்கு நான் சொன்னது எல்லோருக்கும் பெரிதாக மாறாது.

வக்கீல் செலவுக்கு அஞ்சி முத்திரைத்தாளுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. வட்டச் சட்டப்பணிகள் குழுவில் விண்ணப்பிக்கலாம், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

தீர்ப்பு வந்த அன்று கோர்ட்டில் சொல்லிவிட்டார்கள் என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள். மெய்ச்சான்று நகலுக்கு அன்றே மனு போடுங்கள், மூன்று பிரதி வாங்குங்கள். மறுமணப் பேச்சுக்கும், குடும்ப அட்டையில் பேர் நீக்கவும், பாஸ்போர்ட்டுக்கும் அது வேண்டும். கணவரின் வருங்கால வைப்பு நிதியிலும் எல்.ஐ.சி. பாலிசியிலும் நாமினியாக உள்ள பேர் தீர்ப்பால் தானாக அழிந்துவிடாது. மாற்றும் படிவம் கொடுத்தால்தான் மாறும்.